“ஒரு மாக் எடுக்கிறீங்களா?”: சீனியர்கிட்ட கேக்கிறது எப்படி

இன்னைக்குப் பேசப்போறது ஒரே ஒரு மெசேஜைப் பத்தி. இன்டர்வியூவுக்கு முன்னாடி ஆபீஸ்ல இருக்கிற ஒரு சீனியர்கிட்ட “எனக்கு ஒரு மாக் இன்டர்வியூ எடுங்க”ன்னு கேட்டு அனுப்புற மெசேஜ்.

பெரும்பாலும் நாம அனுப்புறது இப்படித்தான் இருக்கும்: “அக்கா, ஃப்ரீயா இருக்கும்போது ஒரு மாக் எடுக்க முடியுமா?” அந்தப் பக்கமிருந்து “கண்டிப்பா பா” வரும். அதுக்கப்புறம் ஒண்ணும் நடக்காது. அக்காவுக்கு மனசு இல்லாம இல்ல. எந்த நாள், எவ்வளவு நேரம், எதைப் பத்திக் கேக்கணும்னு மூணு முடிவையும் அவங்க தலையில வச்சிட்டோம். ஏற்கெனவே மீட்டிங்ல மூழ்கி இருக்கிறவங்க அதை அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வச்சிடுவாங்க. அந்த மூணையும் நாமளே முடிவு பண்ணி அனுப்பினா, அவங்க “சரி”ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். மூணு வருஷ அனுபவம் உள்ள ஒரு பேக்எண்ட் டெவலப்பர். 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சிஸ்டம் டிசைன் ரவுண்ட். அவர் இப்படி எழுதலாம்:

“அக்கா, 27-ஆம் தேதி எனக்கு ஒரு சிஸ்டம் டிசைன் ரவுண்ட் இருக்கு. 21, சனிக்கிழமை காலையில 11 மணிக்கு 45 நிமிஷம் மாக் எடுக்க முடியுமா? 35 நிமிஷம் கேள்வி, 10 நிமிஷம் ஃபீட்பேக். அது சரிவரலன்னா ஞாயிறு சாயங்காலம் 5 மணி. ஆரம்பத்துல லோடு கணக்குப் போடுறதுலதான் திணறுறேன், அதை மட்டும் கவனிச்சா போதும். கேள்வியை நீங்களே எடுங்க, எனக்கு முன்னாடியே சொல்லிடாதீங்க. முடியலன்னாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க.”

இதுல ‘சிஸ்டம் டிசைன்’னு மட்டும் விட்டிருந்தா அது ஒரு கடல். ‘லோடு கணக்கு’ன்னு சொன்னதும் அக்காவுக்கு எதைக் கேக்கணும்னு தெளிவாயிடும். நீளமான லிங்க்கைச் சின்னதாக்குற ஒரு சர்வீஸைக் கட்டச் சொல்றாங்கன்னு வைங்க. மாசத்துக்கு 10 கோடி புது லிங்க். ஒரு மாசத்துல சுமார் 26 லட்சம் விநாடி. வகுத்தா விநாடிக்குக் கிட்டத்தட்ட 40 ரைட். ஒரு லிங்க்கை 100 தடவை திறக்கிறாங்கன்னா விநாடிக்கு 4,000 ரீட். ஒரு லிங்க்குக்கு 500 பைட்னா மாசத்துக்கு 50 ஜிபி, 5 வருஷத்துக்கு 3 டிபி. எழுதுறதைவிடப் படிக்கிறது 100 மடங்குன்னு இங்கயே தெரிஞ்சிடுது. அதனால கேஷ் ஏன் வேணும்னு அடுத்து பேசுறதுக்கு ஒரு காரணம் கையில இருக்கு. கணக்கைத் தாண்டி நேரா டேட்டாபேஸ் பேருக்குப் போயிட்டா, “ஏன் இது?”ன்னு கேக்கும்போது பதில் இருக்காது. சீனியர் கவனிக்க வேண்டியதும் இந்த இடத்தைத்தான்.

தேதிக்கும் காரணம் இருக்கு. உண்மையான ரவுண்டுக்கு ஆறு நாள் முன்னாடி வச்சா, தெரியவர்ற ஓட்டையை அடைக்க நேரம் இருக்கும். முந்தின ராத்திரி வச்சா பயம்தான் மிஞ்சும்.

யார்கிட்ட, எங்க கேக்கிறதுங்கிறதும் முக்கியம். வேற கம்பெனிக்குப் போறதுக்கான தயாரிப்புன்னா ஆபீஸ் சாட்லயும் ஆபீஸ் காலண்டர்லயும் போடாதீங்க. அது கம்பெனியோட இடம், தலைப்பு மத்தவங்க கண்ணுல படலாம். சொந்த நம்பர்ல வாட்ஸ்அப், சொந்த மெயில்ல இன்வைட். உங்க மேனேஜருக்கோ, உங்க அப்ரைசல்ல கருத்து சொல்றவங்களுக்கோ அனுப்பினா அவங்களைத் தர்மசங்கடத்துல மாட்டிவிடுறோம். பக்கத்து டீம் சீனியரோ, நம்ம கம்பெனியை விட்டுப் போன பழைய சீனியரோ சரியா இருப்பாங்க.

மெசேஜ் வேலை செஞ்சுதான்னு ரெண்டு இடத்துல தெரிஞ்சுக்கலாம். பதில்ல “என்ன கேக்கட்டும்?”னு வந்தா நாம சொன்ன ஏரியா இன்னும் அகலமா இருக்கு, குறுக்கணும். செஷன்ல பத்தாவது நிமிஷத்துலயே அவங்க விளக்கம் சொல்ல ஆரம்பிச்சிட்டா அது மாக் இல்ல, டியூஷன் ஆயிடுச்சு. அப்போ “அக்கா, நான் தப்பாவே முடிக்கிறேன், கடைசில சொல்லுங்க”ன்னு சொல்லிடலாம்.

எந்தப் பதிலும் வரலையா? ரெண்டு நாள் கழிச்சு ஒரே ஒரு தடவை, “சனிக்கிழமை 11 மணி முடியுமா அக்கா? இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்”னு கேளுங்க. அதோட நிறுத்திக்கோங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்!