மாற்றப்பட்ட முகம்: கேலி எங்கே முடிகிறது, மோசடி எங்கே தொடங்குகிறது?

2019 மே மாதம், மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டத்தில் மேற்கு வங்கம் கொதித்துக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் நடந்த மெட் காலா விழாவுக்கு நடிகை பிரியங்கா சோப்ரா விநோதமான சிகை அலங்காரத்தோடு போயிருந்தார். அந்தப் படத்தில் அவர் முகத்தை எடுத்துவிட்டு, முதல்வர் மம்தா பானர்ஜியின் முகத்தை யாரோ ஒட்டியிருந்தார்கள். ஹவுராவைச் சேர்ந்த பா.ஜ.க. இளைஞரணிப் பெண் நிர்வாகி ஒருவர் அதை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் புகார் கொடுக்க, மே 10ஆம் தேதி அவர் கைதானார்.

வழக்கு நான்கே நாளில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பேச்சுரிமையில் சமரசம் கிடையாது, ஆனால் அது இன்னொருவர் உரிமையில் கை வைக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது என்று அமர்வு வாய்மொழியாகச் சொன்னது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஜாமீனுக்கு முதலில் நிபந்தனை போட்டது. பிறகு அதை விலக்கிக்கொண்டது. விடுதலையாகும்போது மன்னிப்புக் கேட்கட்டும், ஆனால் அதற்காக விடுதலை தள்ளிப்போகக் கூடாது என்றது.

அந்தப் படத்தைப் பார்த்த எவராவது, மம்தா உண்மையிலேயே அந்த உடையில் நியூயார்க்கில் நின்றார் என்று நம்பியிருப்பார்களா? ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். யாரும் ஏமாறவில்லை, யாருடைய பணமும் போகவில்லை, யாரும் நிர்வாணமாக்கப்படவில்லை. ஆட்சியில் இருப்பவருக்குச் சங்கடம் நேர்ந்தது, அவ்வளவுதான். அந்தச் சங்கடத்துக்காக ஒரு பெண் சிறையில் இருக்க நேர்ந்தது.

இன்னொரு முகமாற்றத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனா, உடலை ஒட்டிய கறுப்பு உடையில் லிஃப்டுக்குள் நுழைவதுபோல ஒரு காணொளி பரவியது. உண்மையில் அதில் இருந்தவர் பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர். முந்தைய மாதம் அவரே தன் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த காணொளி அது. கழுத்துக்கு மேலே மட்டும் ராஷ்மிகாவாக்கிவிட்டார்கள். காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்கள், முதல் நொடியில் அசல் பெண்ணின் முகம் தெரிவதையும், அவர் லிஃப்டுக்குள் வரும்போது அது சட்டென்று மாறுவதையும் கண்டுபிடித்தார்கள்.

முகம் அப்படி மாறியதற்குக் காரணம் உண்டு. டீப்ஃபேக் மென்பொருளுக்கு இரண்டு பேரின் படங்களை ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பழக்குவது வழக்கமான முறை. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, ஒளி எங்கிருந்து விழுகிறது என்பதை ஒரு பகுதி படித்துக்கொள்ளும். அதே பாவனையில் மற்றவர் முகத்தை இன்னொரு பகுதி வரைந்து ஒட்டும். முகம் பாதி மறைந்தாலோ, பக்கவாட்டில் திரும்பினாலோ, குறுக்கே கை போனாலோ மென்பொருள் தடுமாறும். அந்த நொடியில்தான் தாடை ஓரமும் நெற்றிமயிரும் காட்டிக்கொடுக்கும். பிரபலங்கள் முதலில் இலக்காவதும் இதனால்தான்: எல்லாக் கோணத்திலும் எடுக்கப்பட்ட அவர்கள் படங்கள் இணையத்தில் கொட்டிக்கிடக்கின்றன. இப்போது ஒரே ஒரு படத்தை வைத்தே முகத்தை மாற்றும் செயலிகள் வந்துவிட்டன. ஓட்டைக் கண்டுபிடித்துப் பொய்யை அறியலாம் என்ற நம்பிக்கை நாளுக்கு நாள் குறைகிறது.

ராஷ்மிகா காணொளி விவகாரத்தில் டெல்லி போலீஸ் வழக்குப் பதிந்தது. ஆந்திராவின் குண்டூர் பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் 2024 ஜனவரியில் கைதானார். ராஷ்மிகாவின் ரசிகர் பக்கம் ஒன்றை நடத்திவந்த அவர், பின்தொடர்பவர்களைப் பெருக்கிக்கொள்ளவே இதைச் செய்தார் என்று போலீஸ் சொன்னது.

என்னென்ன பிரிவுகளில் வழக்கு போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 465, 469 இரண்டும் போலி ஆவணம் புனைவதைப் பற்றியவை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, பிறருடைய கையொப்பம், கடவுச்சொல் போன்ற தனி அடையாளங்களைத் திருடுவதைப் பற்றியது. 66இ, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம்பிடிப்பதையும் பரப்புவதையும் பற்றியது. நான்கில் ஒன்றிலும் முகமாற்றம் என்ற பேச்சே இல்லை. ராஷ்மிகாவின் உடலை யாரும் படம்பிடிக்கவில்லை. அந்த உடல் அவருடையதே அல்ல. முகம் ஒரு ‘தனி அடையாளம்’ என்று வாதாடித்தான் 66சி-க்குள் கொண்டுவர வேண்டும். தன் உடலை இன்னொருவர் தலைக்குக் கீழே கண்ட அந்தப் பிரிட்டன் பெண்ணுக்கு இந்தப் பிரிவுகளில் என்ன இடம் என்பதும் தெளிவாக இல்லை. ஒரு முகமாற்றத்தில் பாதிக்கப்படுபவர்கள் எப்போதும் இருவர். பேசப்படுபவர் ஒருவர் மட்டுமே.

குற்றத்துக்கென்று நேரான சட்டம் இல்லாதபோது, கைக்கு எட்டும் பிரிவைப் போலீஸ் எடுக்கிறது. அதனால்தான் ஹவுராவில் கேலி செய்தவர் மீது எளிதாகப் பாயும் சட்டம், இழிவுபடுத்தப்பட்ட பெண்ணுக்காகப் பேச வேண்டிய இடத்தில் வார்த்தை தேடித் திணறுகிறது.

உரிமையியல் நீதிமன்றங்கள் இன்னொரு வழியில் வந்தன. ஒருவரின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றை வைத்து மற்றவர் பணம் பண்ணக் கூடாது என்பது அந்த வழி. ஆளுமை உரிமை என்று அதைச் சொல்கிறார்கள். ‘மெய்ன் ஹூன் ரஜினிகாந்த்’ என்ற இந்திப் படத்தை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிரபலம் இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலே போதும், மக்கள் குழம்பினார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றது.

வியாபாரத்துக்கு எதிராக இது நல்ல கேடயம். ஆனால் இதையே அளவுகோலாக வைத்தால் நையாண்டிக்கு இடமே இருக்காது. யாரைக் கேலி செய்கிறோம் என்று தெரியாவிட்டால் அது கேலியே அல்ல. அடையாளம் தெரிவதே குற்றமென்றால் எந்தக் கேலிச்சித்திரமும் தப்பாது.

டெல்லி உயர் நீதிமன்றம் இந்த இடத்தில் ஒரு கோடு போட முயன்றது. 2023 செப்டம்பரில் நடிகர் அனில் கபூரின் வழக்கு வந்தது. அவர் முகத்தை ஆபாசக் காட்சிகளில் ஒட்டியவர்களும், படத்தையும் வசனத்தையும் வைத்துப் பொருள் விற்றவர்களும் எதிர்த்தரப்பினர். நீதிபதி பிரதிபா எம். சிங் தடை விதித்தார். கூடவே, செய்தியும் நையாண்டியும் பகடியும் நேர்மையான விமர்சனமும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்றும் எழுதினார். எல்லை தாண்டி ஆளைக் களங்கப்படுத்துவதும், அவர் அடையாளத்தை வைத்துப் பிழைப்பதும்தான் சட்டவிரோதம் என்றார். 2024 மே மாதம் ஜாக்கி ஷெராஃப் வழக்கில் அதே நீதிமன்றம் வியாபாரிகள் பலருக்குத் தடை விதித்தது. ஆனால் அவர் பேட்டித் துணுக்குகளைத் தொகுத்து வேடிக்கைக் காணொளி செய்த யூடியூபருக்கு எதிராக உடனடித் தடை தர மறுத்தது. அவர் தரப்பைக் கேட்காமல் தடுத்தால் படைப்புச் சுதந்திரம் அடிபடும் என்று நீதிபதி கருதினார்.

‘இது நையாண்டி’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். 2024 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கமலா ஹாரிஸின் குரலைப் போலிசெய்து ஒரு கேலி விளம்பரம் வந்தது. பகடி என்று அதை உருவாக்கியவர் குறிப்பிட்டிருந்தார். எலான் மஸ்க் அந்தக் குறிப்பு இல்லாமல் பகிர்ந்தார். கோடிக்கணக்கானவர்கள் குறிப்பில்லாத காணொளியைத்தான் பார்த்தார்கள். கலிபோர்னியா உடனே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது கேட்ட அறிவிப்பின் அளவோ, போட்டால் காணொளியே மறைந்துவிடும் என்ற அளவுக்கு இருந்தது. அக்டோபரில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை நிறுத்திவைத்தார். தலைப்பில் எழுதியது பகிரும்போது உதிர்ந்துபோகிறது. திரையை அடைத்து எழுதினால் நகைச்சுவை செத்துப்போகிறது. ஆகவே, கேலி என்பது காட்சிக்குள்ளேயே தெரிய வேண்டும். மம்தா படத்தில் அது தெரிந்தது. ஒரு தலைவர் மேசையில் அமர்ந்து இயல்பான குரலில் ‘வாக்குப்பதிவு நாளை இல்லை, மறுநாள்’ என்று சொல்வதாகச் செய்தால், கீழே எதை எழுதி வைத்தாலும் அது ஆள்மாறாட்டம்தான்.

மறைந்த தலைவர்களின் முகத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. 2018இல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் விழாத் திரையில், மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தோன்றி வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் குரலை அ.தி.மு.க. உருவாக்கி வெளியிட்டது. ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பாக ஜெ. தீபா தொடுத்த வழக்கில், ஒருவர் ஈட்டிய அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. எஞ்சியிருப்பது அவதூறுச் சட்டத்தின் ஒரு விளக்கம் மட்டும்: குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவரை இழிவுபடுத்தினால் அதுவும் அவதூறு. புகழ்ந்து பேசவைத்தால் அந்த விளக்கம் உதவாது. உயிரோடு இருந்தபோது சொல்லாத ஒன்றை, மறுக்க முடியாத ஒருவர் வாயில் வைப்பதைக் கட்சிகளே தவறென்று ஒதுக்க வேண்டும். இன்று வாழ்த்து சொன்ன வாய், நாளை வேட்பாளருக்கு வாக்குக் கேட்கும்.

முகத்தை மாற்றி எதையாவது செய்ய நினைப்பவரும், அதைப் பகிர்பவரும், விசாரிக்கும் அதிகாரியும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். பார்ப்பவர் இதை நடந்த சம்பவமென்று நம்புவாரா? முகத்துக்கு உரியவரோ உடலுக்கு உரியவரோ பாலியல் ரீதியாக இழிவுபடுத்தப்படுகிறாரா? அந்த முகத்தின் மதிப்பை வைத்து ஏதாவது விற்கப்படுகிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் நிறுத்த வேண்டும். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், முகத்துக்கு உரியவர் எவ்வளவு பெரியவரானாலும் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் முதலில் காணொளியின் இணைப்பையும் திரைப்படத்தையும் தேதியோடு சேமிக்க வேண்டும்; நீக்கிய பிறகு சாட்சி இருக்காது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், மார்ஃபிங் செய்த படம் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் தந்தால் தளம் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றன; பின்னர் வந்த திருத்தங்கள் அந்தக் கெடுவை இன்னும் இறுக்கியிருக்கின்றன. ஆகவே தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு உடனே எழுதுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

இந்த வழிகள் எல்லாருக்கும் திறந்தவை. ஆனால் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கும் வசதி நடிகருக்கு உண்டு. புகார் தந்ததும் போலீஸ் ஓடிவரும் செல்வாக்கு முதல்வருக்கு உண்டு. முகமாற்றத்துக்கென்று நாளை ஒரு சட்டம் எழுதப்படுமானால், அதன் முதல் பிரிவு ஏமாற்றப்படுபவரையும் இழிவுபடுத்தப்படுபவரையும் காக்கட்டும். கேலிக்கு ஆளான அதிகாரத்துக்கு அதில் ஒரு வரியும் தேவையில்லை.