ஆறு மணிக் கோடு

கண் பரிசோதனைச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஆக்சிஸ்’ என்று இன்னொன்று இருக்கும். கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாததுதான் ஆஸ்டிக்மாடிசம். அதைச் சரிசெய்ய எவ்வளவு பவர் தேவை என்பதைச் சிலிண்டரும், அந்தப் பவர் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை ஆக்சிஸும் சொல்கின்றன. மூக்குக்கண்ணாடியில் கோணத்தை ஃபிரேம் பிடித்துக்கொள்ளும். கண்ணீரில் மிதக்கும் கான்டாக்ட் லென்ஸை யார் பிடிப்பது?

சாதாரண லென்ஸ் சுழன்றாலும் பாதகமில்லை. டோரிக் லென்ஸ் சுழன்றால் பார்வை கலங்கும். அதனால் பல டோரிக் லென்ஸ்களின் கீழ்ப்பகுதியைச் சற்றுத் தடிமனாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இமைகள் அழுத்தி அதை நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் இமையின் இறுக்கமும் சாய்வும் ஆளுக்கு ஆள் வேறு. லென்ஸ் உங்கள் கண்ணில் எங்கே போய் நிற்கும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சிலிண்டர் 1.75, ஆக்சிஸ் 180 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சோதனை லென்ஸைப் போட்டு, கால் மணி நேரம் காத்திருந்து, ஆப்டோமெட்ரிஸ்ட் ஸ்லிட் லேம்பில் பார்க்கிறார். கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில் நிற்க வேண்டிய மெல்லிய கோடு, அவர் பார்வைக்கு இடப்பக்கம் 10 டிகிரி நகர்ந்திருக்கிறது. சின்ன விலகல்தான், ஆனால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.60, வீணாகிறது. விலகல் 30 டிகிரி ஆனால் லென்ஸ் போட்ட பலனே இல்லை. கோடு இடப்பக்கம் போனால் கூட்ட வேண்டும், வலப்பக்கம் போனால் கழிக்க வேண்டும். ஆக அடுத்து வரவழைப்பது ஆக்சிஸ் 10 உள்ள லென்ஸ். அதுவும் அதே அளவு சுழன்று, சரியாக 180-இல் போய் நிற்கும்.

இந்தக் கணக்கு, லென்ஸ் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால்தான் பலிக்கும். எப்போதும் ஒரே மாதிரி மங்கலா, அல்லது சிமிட்டும்போதெல்லாம் மங்கித் தெளிகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். இரண்டாவது என்றால் லென்ஸ் நிலைகொள்ளவில்லை. ஆக்சிஸை மாற்றிப் பயனில்லை, லென்ஸின் வடிவமைப்பையே மாற்ற வேண்டும். சில நாள் அணிந்து பார்த்த பிறகே இது தெளிவாகும். அதற்காகத்தான் மறுபடி வரச்சொல்கிறார்கள்.

வெள்ளெழுத்துக்கான மல்டிஃபோகல் லென்ஸில் சிக்கல் வேறு. கண்ணாடியைப் போல அதன் கீழ்ப்பகுதி வழியாகக் குனிந்து படிக்க முடியாது, லென்ஸ் கண்ணோடு நகர்ந்துவிடும். ஆகவே தூரப் பவரும் கிட்டப் பவரும் ஒரே நேரத்தில் பாப்பாவுக்கு முன்னால் இருக்கும், தேவையான பிம்பத்தை மூளைதான் தேர்ந்துகொள்கிறது. அதற்குப் பழக ஓரிரு வாரம் ஆகலாம். நடுவில் கிட்டப் பவர் உள்ள லென்ஸ் என்றால், வெயிலில் பாப்பா சுருங்கும்போது தூரம் மங்கக்கூடும். இரவில் விரியும்போது விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். கிளினிக்கின் ஒரே வெளிச்சத்தில் இவை பிடிபடுவதில்லை. பேருந்துப் பலகை, கைபேசி, இரவுச் சாலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நீங்கள் சொல்வதை வைத்து, ஒரு கண்ணில் மட்டும் 0.25 மாற்றுவார்கள். அப்படியும் மருந்துச் சீட்டின் பொடி எழுத்துக்குச் சிலருக்கு வாசிப்புக் கண்ணாடி தேவைப்படும். வாங்கும் முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.