ஆட்டம் தடுமாறுவது கணினியாலா, வைஃபையாலா?

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் ஏற்படும் எல்லாத் தடுமாற்றத்துக்கும் ‘லேக்’ என்று ஒரே பெயர்தான் புழங்குகிறது. அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கணினி படங்களை வேகமாக வரைந்து முடிக்க இயலாமல் திணறுவது. மற்றொன்று, விளையாட்டை நடத்தும் சர்வருக்கும் வீட்டுக்கும் இடையே செய்திகள் நேரத்துக்குப் போய்ச் சேராதது. முதலாவதுக்கு மருந்து கிராஃபிக்ஸ் கார்டு, பிராசசர், குளிர்விக்கும் விசிறி. இரண்டாவதுக்கு மருந்து ரௌட்டரிலும் கேபிளிலும் இருக்கிறது. எது எந்தக் கோளாறு என்று பார்க்காமல் செலவு செய்பவர்கள்தான் புதுக் கணினி வாங்கிய பிறகும் பழைய தொல்லையையே அனுபவிக்கிறார்கள்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஆட்டம் தடுமாறும் அந்த நேரத்தில் மவுஸை இடவலமாக வேகமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் ஆடுபவரின் பார்வை திரும்புவது முழுக்க அவருடைய கணினிக்குள்ளேயே நடக்கிறது; அதற்கு சர்வரின் அனுமதி தேவையில்லை. ஆகவே பார்வை திரும்புவதே வெட்டி வெட்டி நகர்ந்தால் குற்றவாளி கணினி. பார்வை வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் எதிரிகள் இருந்த இடத்திலிருந்து தாவித் தாவிப் போகிறார்கள், சுட்ட குண்டு படவில்லை, நடந்து கடந்த இடத்துக்கே மறுபடி இழுத்துவிடப்படுகிறது என்றால் குற்றம் இணைப்பில்தான்.

வாலரண்ட் விளையாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இதன் சர்வர் விநாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. அதாவது சுமார் 7.8 மில்லி விநாடிக்கு ஒருமுறை. இந்தியாவில் ஆடுபவர்களுக்கான சர்வர் மும்பையில் இருக்கிறது. சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், போய்வரக் குறைந்தது 10 மில்லி விநாடி ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல கருவிகளைத் தாண்ட வேண்டும் என்பதால் நடைமுறையில் இது 25 முதல் 40 வரை ஆகிறது. திரையில் ‘பிங்’ என்று காட்டப்படுவது இந்தப் போய்வரும் நேரம்தான். இந்தப் பகுதியை வீட்டுக் கருவி எதுவும் குறைத்துவிடாது.

இனி கணினியின் பங்கு. விநாடிக்கு 60 படம் வரையும் கணினியில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. 144 படம் வரைந்தால் 6.9. மவுஸ் பொத்தானை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையே பொதுவாகச் சில படங்கள் கடந்துவிடுகின்றன. விநாடிக்கு 30 படம் மட்டுமே வரையும் பழைய லேப்டாப்பில் மூன்று படம் என்றால் 100 மில்லி விநாடி போய்விடும். அறைக்குள் ஒழுங்காக வேலை செய்யும் வைஃபை சராசரியாகச் சேர்ப்பதோ 2 முதல் 5 மில்லி விநாடிதான். சராசரியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் கணினியே பெரிய குற்றவாளி என்று ஆகிவிடும். கணினியைப் பழிப்பவர்கள் இந்த ஒரு கணக்கில் தவறு செய்யவில்லை.

ஆனால் ஆட்டத்தைக் கெடுப்பது சராசரி அல்ல, ஏற்ற இறக்கம். நிலையான தாமதத்துக்குக் கை பழகிவிடுகிறது. விளையாட்டு மென்பொருளும் அதற்கேற்பக் கணக்குப் போட்டு ஈடுகட்டுகிறது. மற்ற ஆட்டக்காரர்களின் நடமாட்டத்தைக் காட்டும்போது, செய்திகளுக்கிடையிலான சிறு முன்பின்னைச் சமாளிக்க மிகச் சிறிய இருப்பு ஒன்றை அது வைத்துக்கொள்கிறது. ஒரு செய்தி 60 மில்லி விநாடி தாமதித்தால், வந்திருக்க வேண்டிய ஏழெட்டுச் செய்திகள் வராமல் நிற்கும். இருப்பு தீர்ந்துவிடும். எதிரி எங்கே இருப்பான் என்று மென்பொருள் ஊகிக்கத் தொடங்கும். உண்மைச் செய்தி வந்ததும் அவனைச் சரியான இடத்துக்குத் தூக்கிப் போடும். திரையில் தெரியும் தாவல் அதுதான்.

வைஃபையில் இந்த ஏற்ற இறக்கம் ஏன் வருகிறது என்பதைப் பார்த்தால் கேபிளின் அருமை விளங்கும். ஒரே சேனலில் இருக்கும் கருவிகளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கருவியும் காற்றலை காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து, பிறகு தற்செயலான ஒரு சிறு நேரம் காத்திருந்து அனுப்புகிறது. இரண்டு கருவிகள் ஒரே சமயத்தில் அனுப்பி மோதிக்கொண்டால், இரண்டும் மேலும் நீண்ட நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். செய்தி பெரும்பாலும் தொலைவதில்லை, தாமதமாகத்தான் வருகிறது. அதனால்தான் விளையாட்டுத் திரை ‘பாக்கெட் இழப்பு 0’ என்று காட்டும்போதே ஆட்டம் தடுமாறுகிறது.

இந்தப் போட்டி வீட்டுக் கருவிகளோடு முடிவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பதினைந்து ரௌட்டர்கள் அந்த மூன்றில்தான் நெருக்கியடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. நம் வீடுகளின் செங்கல், கான்கிரீட் சுவர் இரண்டைக் கடப்பதற்குள் வலுவிழந்துவிடும். வலுவிழந்த அலையில் கருவிகள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புகின்றன. ஈதர்நெட் கேபிளில் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும். யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். ரௌட்டர் வரை போய்வர ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. அதுவும் எப்போதும் அதே அளவு.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ரௌட்டர் ஹாலில் டிவிக்குப் பக்கத்திலும், கணினி இரண்டு சுவர் தள்ளிப் பின்னறையிலும் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாலையில், அக்கம்பக்கத்தார் எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரத்தில், விண்டோஸ் கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து ஆளுக்கொரு கட்டளை தர வேண்டும்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதல் முகவரி ரௌட்டருடையது. சில ரௌட்டர்களில் 192.168.0.1 என்று இருக்கும். அது எதுவென்று `ipconfig` கட்டளையில் Default Gateway என்ற வரி காட்டிவிடும். இரண்டாவது முகவரி வெளியுலகம். சில நிமிடம் ஓடவிட்டு `time=` என்பதற்குப் பக்கத்திலுள்ள எண்ணைக் கவனிக்க வேண்டும். முதல் சாளரத்தில் 2, 3, 2, 85, 4, 140, 3 என்று எண் குதித்தால் கோளாறு வீட்டுக்குள்ளேயே, வைஃபையில்தான். முதல் சாளரம் அமைதியாக 1, 2 என்று ஓடி, இரண்டாவது மட்டும் குதித்தால் வைஃபை நிரபராதி. கோளாறு ரௌட்டருக்கு அப்பால். இரண்டும் அமைதியாக இருந்தும் ஆட்டம் வெட்டினால் கணினியைச் சந்தேகிக்கலாம். எப்போதோ ஒருமுறை எண் உயர்வதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ரௌட்டர் வேறு வேலையில் இருந்தால் இந்தக் கேள்விக்கு மெதுவாகப் பதில் சொல்வதுண்டு. சந்தேகம் வந்தால் அதே சோதனையை ஒரு கேபிளைச் செருகி மறுபடி செய்து ஒப்பிட வேண்டும். எண்களின் குதிப்பு நின்றுவிட்டால் விடை கிடைத்தாயிற்று.

கேபிள் போட்டும் தீராத ஒரு தொல்லை இருக்கிறது, அது பலரைக் குழப்புகிறது. வீட்டில் ஒருவருடைய கைபேசி அன்று எடுத்த வீடியோக்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கினால், ரௌட்டர் அவற்றை ஒரு வரிசையில் குவித்து வைத்துக்கொண்டு வெளியே தள்ளுகிறது. மேலேற்றும் வேகம் 10 மெகாபிட்டாக இருந்து, வரிசையில் 500 கிலோபைட் குவிந்திருந்தால், அது தீர 400 மில்லி விநாடி ஆகும். விளையாட்டின் சின்னஞ்சிறு செய்தியும் அதே வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். இந்த நிலையை ‘பஃபர்புளோட்’ என்பார்கள். வைஃபையோ கேபிளோ, விளைவு ஒன்றுதான். ரௌட்டரின் அமைப்புகளில் SQM என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, மேலேற்றும் வேகத்தை உண்மை வேகத்தில் ஏறத்தாழ 90 சதவீதமாக வரையறுத்துவிட்டால் வரிசை நீளாது. அந்த வசதி இல்லாத ரௌட்டராக இருந்தால், ஆடும் நேரத்தில் பெரிய கோப்புகளை அனுப்பாமல் இருக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி குறைவு.

இணைய வேகத்தை 100 மெகாபிட்டிலிருந்து 300 ஆக உயர்த்துவது பெரும்பாலும் வீண் செலவு. இத்தகைய விளையாட்டுகள் ஒரு மெகாபிட்டுக்கும் குறைவாகவே பயன்படுத்துகின்றன. அடுத்த அறையில் சிக்னல் பெருக்கும் கருவி ஒன்றை வைப்பதும் ஆட்டத்துக்கு உதவுவது அரிது. அது ஒவ்வொரு செய்தியையும் காற்றில் வாங்கி மறுபடி காற்றில் அனுப்புவதால், காத்திருப்பு இரண்டு மடங்காகிறது. அலைபேசியில் சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், தாமதமும் கூடும்.

கேபிள் இழுக்கவே முடியாத வீட்டில் அடுத்த நல்ல வழி, கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் மட்டும் இணைத்து, ரௌட்டரைச் சுவர் தடுக்காத இடத்துக்கு நகர்த்துவது. கணினியின் பின்பக்கத்தில் செருகிய சின்ன யூஎஸ்பி வைஃபை ஏற்பியை ஒரு நீட்டிப்பு வயரில் மேசை மேல் கொண்டுவந்து வைப்பதும் பலன் தரும். உலோகப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அதற்கு ரௌட்டர் கேட்பதே அரிது.

கணினி முந்திக்கொள்ளும் இடமும் உண்டு. விநாடிக்கு 60 படத்துக்குக் கீழே போகும் கணினி, அல்லது பத்து நிமிட ஆட்டத்தில் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் லேப்டாப், எத்தனை நல்ல கேபிளோடும் வெட்டும். சில விளையாட்டுகள் ஒரு படத்துக்கு ஒருமுறைதான் வந்த செய்திகளைப் படிக்கின்றன என்பதால், படம் திணறும்போது இணைப்பும் திணறுவதுபோல் தோன்றும். மற்றபடி, 60 படத்தைச் சீராகத் தொட்டுவிட்ட கணினியில் மீதமிருக்கும் தடுமாற்றத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது வைஃபையைத்தான். கேட் 5இ வகை கேபிள் 100 மீட்டர் வரை இந்த வேலைக்குப் போதும்; வீட்டுக்குத் தேவை பத்துப் பதினைந்து மீட்டர். புதுக் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணம் எடுத்து வைப்பவர்கள், அதற்கு முன் ஒரு மாலை மட்டும் அந்தக் கேபிளைத் தரையோடு தரையாகப் போட்டு ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.