திகதி பார்த்து எழுத வேண்டிய கடிதம்

ஊர்காவற்றுறையில் அப்பாவின் படகு இயந்திரப் பட்டறையை விரிவாக்க வங்கிக் கடன் அனுமதியாகிவிட்டது. கொழும்பில் சம்பளத்துக்கு இருக்கும் பொறியியலாளர் மகன் அன்றிரவே இராஜினாமாக் கடிதம் எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை.

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் 5 ஆண்டு பூர்த்தியானால், தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். மாதச் சம்பளக்காரருக்கு, கடைசிச் சம்பளத்தில் பாதி ஒவ்வோர் ஆண்டுக்கும் சேரும். இவர் 2021 யூன் 15 அன்று சேர்ந்தவர். சம்பளம் 1,20,000 ரூபா. 2026 மே மாத முடிவில் விலகினால் ஒரு சதமும் இல்லை. யூன் 30 வரை இருந்தால் 60,000 வீதம் ஐந்து ஆண்டுக்கு 3,00,000 ரூபா.

அடுத்தது கடன். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த காசு அல்ல. அம்மாவின் சீதனக் காணியை ஈடு வைப்பதானால், தேசவழமைக்கு உட்பட்ட குடும்பத்தில் அப்பாவின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது இல்லாமல் ஈட்டு உறுதி முடியாது, பணமும் வராது. ஏற்றுக்கொள்ளப்பட்ட இராஜினாமாவையோ நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. ஆகவே முதல் தவணை கணக்கில் விழுந்த பிறகே கடிதம் போகட்டும்.

சேமலாப நிதியை முதலாக நம்பவும் வேண்டாம். சொந்தத் தொழிலுக்குப் போகிறேன் என்பதற்காக அதை எடுக்க முடியாது. பொதுவாக ஆண்கள் 55 வயதுவரையும் பெண்கள் 50 வயதுவரையும் காத்திருக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை விட்டதும் கோரலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்த ஐந்தாண்டுக்கு முடியாது.

கடிதம் சுருக்கமாக இருக்கலாம்:

“எனது பதவியிலிருந்து விலகுகிறேன். நியமனக் கடிதப்படி ஒரு மாத முன்னறிவித்தலாக இதை ஏற்கவும். எனது கடைசி வேலைநாள் 2026 யூன் 30. பணிக்கொடை, எடுக்காத லீவுக்கான கொடுப்பனவு, சேவைச் சான்றிதழ் ஆகியவற்றைத் தரவும்.”

முதல் தவணை அதற்குள் வந்துவிட்டால், மே 29 எனத் திகதியிட்டுக் கொடுத்து, பிரதியில் பெற்றவரின் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். பட்டறை, கடன் பற்றியெல்லாம் அதில் எழுத வேண்டியதில்லை. ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் காசு வருமுன் கையெழுத்து வைக்காதீர்கள்.

விலகிய 30 நாட்களுக்குள் பணிக்கொடை தரப்பட வேண்டும். முன்னறிவித்தல் குறைந்தது என்பதற்காக அதை மறுக்க முடியாது. மோசடி, கையாடல், வேண்டுமென்றே செய்த சேதம் போன்றவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்குத்தான், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு, அது வெட்டப்படும். 30 நாள் கடந்தால் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், கையொப்பமிட்ட பிரதி ஆகியவற்றுடன் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுங்கள். தாமதத்துக்கான மேலதிகத் தொகையையும் முதலாளியே கட்ட வேண்டும்.