காலை மருந்தும் பதினொரு மணிக் காய்ச்சலும்

மழைக்காலம் தொடங்கியதும் அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பெற்றோர் கூட்டம். கட்டட நிதி, சத்துணவு என்று பேச்சு ஓடி முடிந்தபின் மூத்த ஆசிரியை எழுந்தார். இரண்டாம் வகுப்பு எடுப்பவர்.

"காய்ச்சலோட பிள்ளையை அனுப்புறவங்க யாருன்னு எனக்குத் தெரியும்மா. காலையில ஏழு மணிக்கு பாராசிட்டமால் சிரப் கொடுப்பீங்க. அரை மணி, ஒரு மணி நேரத்துல உடம்பு குளிர்ந்துடும். சிரிச்சுக்கிட்டே வரும். அந்த மருந்து நாலு மணி நேரம், மிஞ்சினா ஆறு மணி நேரம்தான் தாங்கும். பதினொரு மணிக்குப் பிள்ளை பெஞ்சில தலையைச் சாய்ச்சிடும். கண்ணு சிவந்து, கை நடுங்கும். அதுக்குள்ள பக்கத்துல இருக்கிற பிள்ளைங்க முகத்துக்கு நேரா இருமியிருக்கும்."

சிரப் சூட்டைத்தான் இறக்குகிறது. கிருமியை ஒன்றும் செய்வதில்லை. ஃப்ளூ போன்ற சளிக்காய்ச்சலில் தொற்று வேகமாகப் பரவுவது முதல் மூன்று, நான்கு நாள்களில்தான். சிரப்பின் தயவில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பதும் அதே நாள்களில்தான்.

எப்போது திரும்ப அனுப்பலாம்? மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் காய்ச்சல். ஒரு தாய் கேட்டார்: "திங்கள் ராத்திரி பத்து மணிக்கு மருந்து கொடுத்தேன் டீச்சர், செவ்வாய் காலையில சூடு இல்ல. அனுப்பலாமா?"

"வேணாம்மா. விடியக்காலை வரைக்கும் மருந்தோட வேலை இருக்கும். செவ்வாய் முழுக்க மருந்து கொடுக்காமப் பாருங்க. அன்னிக்கு ராத்திரியும் சூடு வரலேன்னா புதன்கிழமை அனுப்புங்க."

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. டெங்குவுக்கு இந்தக் கணக்கு போதாது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்; ஆபத்து தலைகாட்டுவதும் அப்போதுதான். சூடு விட்டுவிட்டதென்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில் வயிறு கடுமையாக வலிக்கலாம், வாந்தி நிற்காமல் வரலாம், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசியலாம், பிள்ளை சோர்ந்து கிடக்கலாம், சிறுநீர் குறையலாம். இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் தாய் கவனிக்கக்கூடிய இவற்றை, முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியை தவறவிடக்கூடும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரினோ இபுப்ரோஃபனோ கொடுக்கவே கூடாது, ரத்தக்கசிவு கூடும்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஒருநாள் கூலி போனா வீட்டுல அடுப்பு எரியாது டீச்சர்" என்றார். அதற்கு ஆசிரியையிடம் முழுப் பதில் இல்லை. "பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ பார்த்துக்க முடியுமான்னு இப்பவே பேசி வைங்க. காய்ச்சல் வந்தப்புறம் ஆளைத் தேடாதீங்க. லீவுக்கு லெட்டர் வேணாம், ஒரு போன் போதும். விட்ட பாடத்தை நான் தனியா உட்கார வச்சு சொல்லித் தர்றேன்" என்றார். முழு வருகைக்குக் கொடுத்துவந்த பரிசை இந்த ஆண்டு நிறுத்தச் சொல்லித் தலைமையாசிரியரிடம் அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார்.