கேப்ஷனுக்கு எது, பின் கமெண்டுக்கு எது?

காரைக்குடியின் கண்டாங்கிச் சேலையை இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியவை நிறைய: நூல், நீளம், விலை, கொரியர் செலவு, என்ன நிறங்கள் இருக்கின்றன, சாயம் போகுமா, சேலையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா. இவற்றை எழுத இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று படத்தோடு வரும் கேப்ஷன். மற்றொன்று, கமெண்டுகளின் உச்சியில் குத்தி நிறுத்தும் முதல் கமெண்ட். எதை எங்கே எழுதுவது என்ற வழக்கம் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தலைகீழாக மாறியிருக்கிறது. வாங்குகிறவரின் பணம் அதில் சம்பந்தப்பட்டிருப்பதால் இந்த மாற்றத்தைக் கவனித்தே ஆகவேண்டும்.

அன்று

இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் வந்தது. கேப்ஷனைத் திருத்தும் வசதி 2014 நவம்பரில்தான் கிடைத்தது. அதுவரை, போட்ட பிறகு விலையில் ஒரு சைபர் விட்டுப்போயிருந்தால் பதிவையே அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே ஒரு கமெண்ட் போட்டுத் திருத்தம் சொல்ல வேண்டும். முதல் கமெண்டுக்கு அன்று இருந்த வேலைகளில் இது ஒன்று.

அடுத்த வேலை ஹேஷ்டேக். அன்று ஒரு பதிவுக்கு 30 வரை போட முடிந்ததால் எல்லோரும் முப்பதையும் போட்டார்கள். கேப்ஷனில் அவை அசிங்கமாகத் தெரியும் என்று, வரிக்கு ஒரு புள்ளியாக ஐந்து வரி வைத்து, அதன் அடியில் #kandangisaree, #cottonsarees என்று மொத்தத்தையும் முதல் கமெண்டில் கொட்டுவார்கள். கேப்ஷனிலோ "புது வரவு! விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்ற ஒரே வரிதான். கமெண்டுகளில் "பிரைஸ் ப்ளீஸ்" என்று வரிசை நிற்கும். விற்பவர் ஒவ்வொருவருக்கும் "இன்பாக்ஸ் பாருங்க" என்று பதில் போடுவார்.

விலையை மறைத்ததற்குக் காரணம் இருந்தது. நெசவாளரிடமிருந்தோ மொத்தக் கடையிலிருந்தோ வரும் ஒரே படத்தைப் பல ரீசெல்லர்கள் எடுத்துப் போட்டு, அவரவர் லாபம் சேர்த்து விற்றார்கள். ஒருவர் விலையைப் பகிரங்கமாக எழுதினால் மற்றவர் வியாபாரம் கெடும். "விலை என்ன" என்ற கமெண்டுகள் குவிந்தால் பதிவு மேலே ஏறும் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆனால் வாங்குகிறவர் ஒரு சேலைக்கு விலை கேட்டு, பதில் வர அரைநாள் காத்திருந்து, கடைசியில் அது தன் கைக்கு எட்டாது என்று தெரிந்துகொள்வார்.

மாறிய விதம்

2020 ஜூலையில் இன்ஸ்டாகிராம் கமெண்டைப் பின் செய்யும் வசதியைக் கொடுத்தது. ஒரு பதிவில் மூன்று வரை. அதற்கு முன், நாமே போட்ட முதல் கமெண்ட் நாலு பேர் பேசியதும் அடியில் போய்விடும். இப்போது அது உச்சியிலேயே நிற்கும். முதல் கமெண்ட் நம்பி எழுதக்கூடிய இடமானது இந்த வசதியால்தான்.

அடுத்த வருஷம் இன்னொன்று நடந்தது. 2021 ஆகஸ்டில், தங்கள் தேடல் எப்படி வேலை செய்கிறது என்று இன்ஸ்டாகிராமே விளக்கியது. தேடலில் பதிவு அகப்பட வேண்டுமானால் முக்கியச் சொற்களும் ஹேஷ்டேக்குகளும் கமெண்டில் அல்ல, கேப்ஷனில் இருக்க வேண்டும் என்றது. ஐந்து புள்ளி வைத்து மறைத்த வழக்கம் அதோடு பொருளிழந்தது. "கண்டாங்கி", "பருத்தி", "காரைக்குடி", "kandangi saree" ஆகியவை கேப்ஷனுக்கு ஏறின. தமிழ் வாசகரில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள் என்பதால் இரண்டு எழுத்திலும் எழுதுவது நல்லது.

இன்று

இன்று எதை எங்கே வைப்பது என்பதற்கு நான் நம்பும் அளவுகோல் ஒன்றுதான். வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தேவையானது கேப்ஷனில் இருக்க வேண்டும். வாங்குவது என்று முடிவான பிறகு தேவைப்படுவது பின் கமெண்டில் இருக்கலாம்.

காரணம், பதிவு பயணம் செய்யும் விதம். அக்கா ஒருவர் அந்தச் சேலையைத் தங்கைக்கு அனுப்பினால் படமும் கேப்ஷனின் தொடக்கமும் போகும்; கமெண்ட் கூடப் போகாது. ரீல்ஸில் கேப்ஷனே ஒரு வரிதான் தெரியும், மிச்சத்தைப் பார்க்க "... more" என்பதைத் தொட வேண்டும். கமெண்டைப் பார்க்க இன்னொரு இடத்தைத் தொட வேண்டும். கேப்ஷனில் 2,200 எழுத்துக்கு இடம் இருந்தாலும் வேலை செய்வது முதல் இரண்டு வரிதான்.

எடுத்துக்காட்டாக ஒரு சேலையை வைத்துக்கொள்வோம். கேப்ஷன் இப்படி அமையலாம்:

"காரைக்குடி கண்டாங்கி, கைத்தறிப் பருத்தி. ரூ. 1,450, தமிழ்நாட்டுக்குள் கொரியர் சேர்த்து. நீளம் ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணி கிடையாது. அரக்குச் சாயம் முதல் சில அலசலில் இறங்கும். சேதம் இருந்தால் மாற்றித் தருவோம். பார்சல் பிரிக்கும் வீடியோ அவசியம்."

பின் கமெண்ட் இப்படி:

"இருப்பு: அரக்கு 3, கடுகு மஞ்சள் 1, பச்சை முடிந்தது. முதல் அலசலுக்குத் தனியாக, குளிர்ந்த நீரில் போட்டு, நிழலில் உலர்த்தவும். ஆர்டர் செய்ய நிறத்தையும் பின்கோடையும் மெசேஜில் அனுப்பவும்."

பிளவுஸ் துணி இல்லை என்பது சிறு விஷயம் போலத் தோன்றும். ஆனால் அதற்குத் தனியாகச் செலவாகும் என்பதால் அது விலையின் ஒரு பகுதி. கேப்ஷனில்தான் வர வேண்டும். சாயம் இறங்கும் என்ற எச்சரிக்கை மேலே, எப்படி அலசுவது என்ற வழிமுறை கீழே. நிறவாரி இருப்பு மணிக்கு மணி மாறும் என்பதால் அது பின் கமெண்டுக்கு உரியது. பழைய கமெண்டை அழித்துப் புதிதாகப் போட்டால் அதன் கீழே வந்த கேள்வி பதில்களும் சேர்ந்து அழியும். எனவே அதன் கீழேயே "பச்சை முடிந்தது" என்று பதிலாகச் சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் எல்லா நிறமும் தீர்ந்துவிட்டால் அதைக் கேப்ஷனின் முதல் வரியில் திருத்தி எழுத வேண்டும். கமெண்டில் மட்டும் சொன்னால் பழைய பதிவைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

பெரும்பாலோர் தவறாக வைப்பது அந்த வீடியோ நிபந்தனையைத்தான். கிழிசல் இருந்தால் பணமோ மாற்றுச் சேலையோ கிடைக்குமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையைப் பின் கமெண்டில் வைத்துவிட்டு, பிறகு "அங்கே போட்டிருக்கிறோமே" என்று சொல்வது நியாயமில்லை. கைத்தறியா விசைத்தறியா என்பதும் அப்படியே. கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை மேலே பெரிதாக எழுதிவிட்டு, தறி எது என்பதைக் கீழே சொல்லக்கூடாது.

காசு வாங்கிக்கொண்டு சேலையைக் கட்டிக் காட்டுகிறவர்களுக்கு இது விதியாகவே ஆகிவிட்டது. விளம்பரத் தர மன்றம் 2021இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, இது விளம்பரம் என்பது கண்ணில் படாமல் போகாதபடி இருக்க வேண்டும். ஹேஷ்டேக் குவியலுக்குள் புதைக்கக்கூடாது. பின் கமெண்ட் அதற்கு இடமே இல்லை.

பிரித்தது சரியா என்று தெரிய, வரும் கேள்விகளைப் பார்த்தால் போதும். "விலை என்ன", "பியூர் காட்டனா", "பிளவுஸ் உண்டா" என்று வந்தால் கேப்ஷன் தன் வேலையைச் செய்யவில்லை. "மஞ்சள் இருக்கா", "எப்படித் துவைப்பது" என்று வந்தால் பின் கமெண்டில் ஒரு வரி குறைகிறது. இன்று கேட்கப்பட்ட கேள்வி அடுத்த சேலையின் பதிவில் தனக்குரிய இடத்தில் பதிலாக இருந்தால், வாங்குகிறவர் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்காது.