சுழலும் சுருளில் பிறக்கும் அலை

காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு கம்பிச்சுருளைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும் என்பதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அந்தச் சுழற்சியில் எந்த நொடியில் மின்னழுத்தம் உச்சத்தைத் தொடுகிறது என்று கேட்டால் பலர் தவறான விடையைத்தான் சொல்வார்கள். சுருளின் வழியே மிக அதிகமான காந்தப்பாயம் புகும் நிலையில்தான் அழுத்தமும் மிக அதிகமாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறு.

மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தது இதுதான்: மின்னியக்கு விசையை உண்டாக்குவது காந்தப்பாயத்தின் அளவல்ல, அது மாறும் வேகம். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். மிக உயரத்துக்குப் போன கணத்தில் அது ஒரு நொடி அசையாமல் நிற்கும். நடுவில் தாழ்ந்து வரும்போதுதான் அதன் வேகம் அதிகம். சுருளும் அப்படித்தான். அதன் தளம் புலத்துக்குச் செங்குத்தாக நிற்கும்போது பாயம் உச்சத்தில் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் அது கூடுவதை நிறுத்திக் குறையத் தொடங்குகிறது. மாற்றம் சுழி, ஆகவே அழுத்தமும் சுழி. இன்னும் கால் சுற்று திரும்பி, தளம் புலத்துக்கு இணையாக வரும்போது பாயம் சுழியைக் கடக்கிறது. அங்கேதான் அது மிக வேகமாக மாறுகிறது. அழுத்தம் உச்சத்தைத் தொடுவதும் அங்கேதான். அடுத்த அரைச் சுற்றில் இதே ஏற்ற இறக்கம் எதிர்த்திசையில் நடக்கும். சீரான புலத்தில் சீரான வேகத்தில் சுழற்றி, நழுவு வளையங்கள் வழியாக வெளியே எடுத்தால், ஆஸிலாஸ்கோப் திரையில் அழகான சைன் அலை தெரியும்.

உச்சம் எவ்வளவு இருக்கும்? ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள சதுரம், 100 சுற்றுகள், 0.1 டெஸ்லா புலம், நிமிடத்துக்கு 600 சுழற்சி. பரப்பு 0.01 சதுர மீட்டர். ஒரு சுற்றின் வழியே புகும் பெருமப் பாயம் 0.001 வெபர், நூறு சுற்றுகளுக்கும் சேர்த்து 0.1. நொடிக்குப் பத்துச் சுழற்சி என்பதால் கால் சுற்றுக்கு ஆகும் நேரம் 1/40 நொடி. அந்த நேரத்துக்குள் 0.1 என்பது சுழியாகிறது. ஆகவே சராசரி அழுத்தம் 4 வோல்ட். சைன் அலையின் உச்சம் இந்தச் சராசரியைப் போல 1.57 மடங்கு, அதாவது 6.28 வோல்ட். E₀ = NBAω என்ற சூத்திரமும் இதையேதான் தரும்: 100 × 0.1 × 0.01 × 62.8. சாதாரண மல்டிமீட்டர் இந்த உச்சத்தைக் காட்டாது. அது சராசரி இருமடி மூல மதிப்பையே சொல்லும். இந்தச் சுருளுக்கு அது ஏறக்குறைய 4.4 வோல்ட்.

சூத்திரத்தைப் பார்த்தால் சுற்றுகள், பரப்பு, வேகம் மூன்றும் சமமான செல்வாக்கு உடையவை போலத் தெரியும். எதை இரட்டித்தாலும் உச்சம் 12.56 வோல்ட். ஆனால் அலையைத் திரையில் பார்த்தால் வேறுபாடு புலப்படும். சுற்றையோ பரப்பையோ கூட்டினால் அலை உயரமாக மட்டும் ஆகிறது. வேகத்தைக் கூட்டினால் உயரமாவதோடு நெருக்கமாகவும் ஆகிறது, ஏனென்றால் நொடிக்கு வரும் அலைகளின் எண்ணிக்கை 10இலிருந்து 20 ஆகிவிடும்.

இந்தியாவில் மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸில் இயங்குவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரு முனை ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுழற்சியில்தான் ஓடியாக வேண்டும். அதனால் மின்நிலையத்தில் அழுத்தத்தைச் சரிசெய்ய வேகத்தைத் தொட முடியாது; காந்தமாக்கும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் புலத்தைத்தான் மாற்றுகிறார்கள். அங்கே சுழல்வது காந்தம், நிலையாக நிற்பது சுருள். யார் சுழன்றாலும் கணக்கு அதேதான்.

சுற்றுகளைக் கூட்டுவதும் இலவசமாகக் கிடைப்பதல்ல. கம்பி சுற்ற இருக்கும் இடம் அதேதான் என்றால், இரு மடங்கு சுற்றுகளுக்குக் கம்பியின் குறுக்குப் பரப்பைப் பாதியாக்க வேண்டும். நீளம் இரட்டிப்பு, குறுக்குப் பரப்பு பாதி. ஆக மின்தடை நான்கு மடங்கு. அழுத்தம் கூடினாலும் சுருளிலிருந்து எடுக்கக்கூடிய பெருமத் திறன் கூடுவதில்லை. பளு இல்லாதபோது 12 வோல்ட் காட்டும் சுருள் சிறு பல்பை மாட்டியதும் படுத்துவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது அதன் மின்தடையைத்தான்.

அலையின் வடிவம் கெட்டிருந்தால் அதுவும் ஒரு செய்தி. உச்சி தட்டையாகத் தெரிந்தால் புலம் சீராக இல்லை. வளைந்த காந்த முனைகளுக்கு நடுவே இரும்பு உருளையில் சுற்றிய சுருளில் இப்படித்தான் வரும். வடிவம் சரியாக இருந்து உயரம் மட்டும் கணக்கை விடக் குறைந்தால், சுழலும் அச்சு புலத்துக்குச் சரியான செங்குத்தில் இல்லாமல் சாய்ந்திருக்கலாம். அலை இடையிடையே அறுபட்டால் நழுவு வளையத்தில் தூரிகை சரியாகப் படியவில்லை.